5 கிராம் பொடியும் 74 கிலோ தராசும்

பவர்லிஃப்டிங் போட்டி நெருங்கும்போது ஜிம்மில் இரண்டு விதமான யோசனைகள் காதில் விழும். "எடை ஏறிடும், கிரியேட்டினை இன்னைக்கே நிறுத்திடு" என்பார் ஒருவர். "கடைசி வாரம் லோடிங் போட்டா மேடையில பத்து கிலோ சேர்த்துத் தூக்கலாம்" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. தசையில் ஏறிய கிரியேட்டின் ஒரு வாரத்தில் இறங்கிவிடாது. அது தரும் பலனோ வாரக்கணக்கான பயிற்சியின் வழியாகத்தான் வந்து சேரும். அதனால் கிரியேட்டின் பற்றிய முடிவைப் போட்டிக்குப் பன்னிரண்டு வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும்.

கிரியேட்டின் வெளியிலிருந்து வரும் விநோதப் பொருள் அல்ல. நம் ஈரலும் சிறுநீரகமும் அமினோ அமிலங்களிலிருந்து அதைத் தயாரிக்கின்றன. இறைச்சி, மீன் வழியாகவும் உடலுக்குக் கிடைக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 120 கிராம் இருக்கும், அதில் பெரும்பகுதி தசையில். தசை சுருங்கச் செலவாகும் உடனடி எரிபொருள் ஏ.டி.பி. முழு பலத்தோடு தூக்கும்போது அது சில நொடிகளுக்கே காணும். செலவான ஏ.டி.பி.யை அந்த இடத்திலேயே மீண்டும் உருவாக்கித் தருவது பாஸ்போகிரியேட்டின். கிரியேட்டின் சேமிப்பு கூடினால், எட்டு ரெப்ஸில் நின்றுபோகும் செட் ஒன்பதுக்குப் போகலாம். அடுத்த செட்டுக்கும் தசை கொஞ்சம் சீக்கிரம் தயாராகும்.

மேடையில் நடப்பது வேறு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சிகள். ஒவ்வொரு முயற்சியும் ஒரே ஒரு ரெப். இடையில் மற்ற வீரர்கள் தூக்கி முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். நாலைந்து நிமிட ஓய்விலேயே பாஸ்போகிரியேட்டின் பெருமளவு பழைய நிலைக்கு வந்துவிடுவதால், போட்டி நாளில் அது நேரடியாகச் செய்யும் உதவி சிறிது. மாதக்கணக்கில் கூடுதலாக எடுத்த ரெப்ஸ் தசையாகவும் பலமாகவும் மாறியிருப்பதுதான் உண்மையான லாபம். கடைசி வார லோடிங்கில் இந்த லாபம் கிடைக்க வழியே இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று முதல் இரண்டு கிலோ வரை எடைதான் ஏறும்.

ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். சைவ உணவுக்காரர். காலையில் வெறும் வயிற்றில் எடை 75.2 கிலோ. சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் 74 கிலோ பிரிவில் போட்டியிட வேண்டும். இதுவரை கிரியேட்டின் தொட்டதில்லை. சைவர்களின் தசையில் கிரியேட்டின் சேமிப்பு பொதுவாகக் குறைவாக இருப்பதால், இவருக்குப் பலனும் தெரியும், எடையும் தெரியும்.

முதல் ஐந்து வாரம் செட்டும் ரெப்ஸும் அதிகமுள்ள பயிற்சிக் காலம். கிரியேட்டினைத் தொடங்க இதுவே சரியான இடம். நாளுக்கு 20 கிராம் வீதம், நான்கு வேளையாகப் பிரித்து, ஐந்தாறு நாள் எடுத்துத் தசையை நிரப்புவது லோடிங். தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலும் ஏறத்தாழ நான்கு வாரத்தில் அதே அளவுக்கு நிரம்பிவிடும். இவருக்கு அவசரம் இல்லை. தினம் 5 கிராம், எந்த வேளையானாலும் சரி. லோடிங்கில் சிலருக்கு வரும் வயிற்றுப்போக்கும் இதில் பெரும்பாலும் இருக்காது.

நான்காம் வார முடிவில் காலை எடை 76.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூடிய 1.2 கிலோ கிரியேட்டினோடு தசைக்குள் போன தண்ணீர்தானா, கொழுப்பா? ஏழு நாள் எடையின் சராசரியைக் குறித்துவைத்தால் தெரிந்துவிடும். தண்ணீர் எடை முதல் சில வாரங்களில் ஏறி அப்படியே நின்றுவிடும். அதற்குப் பிறகும் எடை ஏறி, இடுப்பளவும் கூடினால் அது சாப்பாட்டின் கணக்கு. எடையும் ஏறாமல் ரெப்ஸும் கூடாமல் இருந்தால், அவர் தசையில் ஏற்கெனவே போதிய சேமிப்பு இருந்திருக்கலாம். இறைச்சி நிறையச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு.

எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கும் நாளும் இதுதான். 76.4 என்பது எல்லைக்கு 2.4 கிலோ மேலே, ஏறக்குறைய 3 சதவீதம். எட்டு வாரத்தில் நிதானமாக இறக்கிவிடலாம். தராசு 78 காட்டியிருந்தால், பயிற்சியைக் கெடுத்து 74க்கு இறங்குவதைவிட 83 கிலோ பிரிவில் தூக்குவது பற்றி யோசிப்பதே நல்லது.

ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை சாப்பாட்டைச் சற்றுக் குறைத்து வாரம் 300 கிராம் வீதம் இறக்கினால் 74.6 கிலோவுக்கு வந்துவிடுவார். கடைசி இரண்டு வாரத்தில் செட்டுகள் குறையும், பாரத்தின் கனம் குறையாது. உடல் களைப்பு நீங்கி மேடைக்குத் தயாராகும் நேரம் அது. அப்போது பட்டினி கிடக்கக் கூடாது, சாப்பாட்டின் அளவு அப்படியே இருக்கட்டும். கடைசி மூன்று நாள் மட்டும் கீரை, பயறு, முழுத்தானியம் போன்ற நார்ச்சத்து மிகுந்தவற்றை விட்டு, வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், பன்னீர் என்று சாப்பிட்டால் குடலில் தங்கும் எடை குறையும். மிச்சமிருக்கும் 600 கிராமோ கொஞ்சம் அதிகமோ இதிலேயே இறங்கிவிட வாய்ப்புண்டு.

கிரியேட்டின் 5 கிராம் இத்தனை நாளும் தொடர்கிறது. கடைசி வாரத்தில் நிறுத்தினால் என்ன? தசையிலுள்ள கிரியேட்டினில் நாளுக்கு 2 சதவீதம் போலத்தான் சிதைந்து வெளியேறும். சேமிப்பு பழைய நிலைக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே ஒரு வாரம் நிறுத்துவதால் தராசில் சொல்லும்படி எதுவும் குறையாது. பயணத்தில் இரண்டு நாள் விட்டுப்போனாலும் கவலை வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

தண்ணீரை வடிப்பது ஆபத்தான குறுக்குவழி. இந்தக் கூட்டமைப்பின் விதிப்படி, எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் தொடங்கும். வெந்நீரிலும் நீராவி அறையிலும் உடலை வற்றவைத்தவர் அதற்குள் தேறுவது கடினம். கைகால் பிடித்துக்கொள்வது, தலைசுற்றல், முதல் ஸ்குவாட்டிலேயே தடுமாற்றம் எல்லாம் அதன் அடையாளங்கள். ஒரு நாள் முன்பே எடை பார்க்கும் அமைப்புகளில் தேறுவதற்கு நேரம் அதிகம். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

பாடிபில்டர்களின் பயம் வேறு. கிரியேட்டின் தோலுக்கடியில் தண்ணீரைத் தேக்கி, தசைக் கோடுகளை மங்கவைக்கும் என்று நினைத்து மேடைக்கு முன் நிறுத்துகிறார்கள். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் தசைக்குள்தான் இருக்கிறது, தசை நிறைவாகத் தெரிவதற்கு அது உதவவே செய்யும். கோடுகள் மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் கொழுப்பையும், கடைசி நாட்களில் உப்பிலும் தண்ணீரிலும் செய்த குளறுபடியையும்தான். ஆனால் உயரத்துக்கு ஏற்ப எடை வரம்பு வைக்கும் கிளாசிக் ஃபிசிக் போன்ற பிரிவுகளில் அந்த ஒரு கிலோவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை செய்துகொள்பவர்கள் கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கிரியேட்டின் சிதைந்தால் வருவது கிரியேட்டினின். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அதன் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் சிஸ்டாடின் சி என்ற பரிசோதனை உதவும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை. ஆனால் பல பொருட்கள் கலந்து விற்கும் பொடிகளில் தடைசெய்யப்பட்ட ஏதாவது சேர்ந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வேறெதுவும் கலக்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டை, தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்று பெற்றதாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. டப்பா தீரப்போகிறது என்றால் அதே பொருளைப் போட்டிக்கு வெகு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் யாரோ நீட்டும் புதுப் பொடியைத் தொட வேண்டிய நிலை வராது.