மூன்று சராசரிகள், ஒரு விகிதம்

சென்ற வாரம் இரண்டு குழுக்களை ஒப்பிட்டோம். டி-சோதனை ஒன்றே போதுமாக இருந்தது. இந்த வாரம் மூன்றாவது குழு ஒன்று வந்து சேர்கிறது. இரண்டிரண்டாக எடுத்து மூன்று டி-சோதனை போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சோதனையிலும், இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று சொல்லிவிடும் அபாயத்தை 5% அளவுக்கு ஒப்புக்கொள்கிறோம். மூன்று முறை போட்டால், எங்காவது ஓரிடத்தில் ஏமாறும் அபாயம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. மூன்று குழுக்களையும் ஒரே கேள்விக்குள் அடக்கும் வழிதான் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. ஆய்வு மாணவர்கள் 'அனோவா' என்றே சொல்வார்கள்.

பிறந்த இடம் வகுப்பறை அல்ல, வயல். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், உருளைக்கிழங்கு ரகங்களும் உரங்களும் விளைச்சலை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க இந்த முறையை உருவாக்கினார். 1923-இல் அந்தக் கட்டுரை வந்தது. பாத்திக்குப் பாத்தி விளைச்சல் எப்படியும் மாறும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி உரம் ஏதாவது செய்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. பாத்தியின் இடத்தில் மாணவரையும் உரத்தின் இடத்தில் கற்பித்தல் முறையையும் வைத்தால் நம் கேள்வி வந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டல் பாடம். மூன்று முறைகள்: ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவது, மாணவர்கள் குழுவாகப் பேசிக் கற்பது, காகிதத்தை மடித்தும் வெட்டியும் செயல்வழியாகக் கற்பது. 15 மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி, முறைக்கு ஐந்து பேராகப் பிரிக்கிறோம். மூன்று குழுக்களுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே கால அளவு. முடிவில் 25 மதிப்பெண்ணுக்கு ஒரே வினாத்தாள். கையால் போட வசதியாக மதிப்பெண்களை நானே அமைத்திருக்கிறேன்.

கரும்பலகை: 9, 14, 12, 15, 10
குழு: 12, 18, 15, 17, 13
செயல்வழி: 17, 15, 18, 21, 19

சீட்டுக் குலுக்கியதைச் சும்மா சொல்லவில்லை. 'அ' பிரிவுக்கு ஒரு முறை, 'ஆ' பிரிவுக்கு இன்னொன்று, 'இ' பிரிவுக்கு மற்றொன்று என்று ஒதுக்கி, மூன்று ஆசிரியர்கள் நடத்தியிருந்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா, 'அ' பிரிவில் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் இருந்ததால் வந்ததா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட தரவுக்கும் அனோவா ஒரு விடையைத் தரும். சூத்திரம் அதைத் தடுக்காது என்பதுதான் ஆபத்து.

முதலில் கூட்டிப் பார்ப்போம். கரும்பலகைக் குழுவுக்கு 60, குழுமுறைக்கு 75, செயல்வழிக்கு 90. சராசரிகள் 12, 15, 18. எல்லோரையும் சேர்த்தால் 225. 15 பேருக்கான பொதுச் சராசரி 15.

12, 15, 18 என்று படிக்கட்டு போல ஏறுகிறதே, இதற்கு மேல் என்ன சோதனை என்று கேட்கலாம். ஆனால் கரும்பலகைக் குழுவில் 15 எடுத்த ஒருவர் இருக்கிறார். செயல்வழிக் குழுவிலும் 15 எடுத்த ஒருவர் இருக்கிறார். ஒரே முறையில் படித்தவர்களுக்குள்ளேயே ஆறு மதிப்பெண் வரை இடைவெளி இருக்கிறது. அந்த அளவுக்கு ஆட்டம் இருக்கும் இடத்தில், மூன்று மதிப்பெண் வித்தியாசம் குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் வந்திருக்கக் கூடாதா? ஆகவே முதலில் அளக்க வேண்டியது குழுவுக்குள் இருக்கும் ஆட்டத்தை.

கரும்பலகைக் குழுவின் சராசரி 12. ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள்? −3, 2, 0, 3, −2. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9 + 4 + 0 + 9 + 4 = 26. குழுமுறையில் விலகல்கள் −3, 3, 0, 2, −2. வர்க்கங்களின் கூடுதல் 26. செயல்வழியில் −1, −3, 0, 3, 1; கூடுதல் 20. மூன்றையும் சேர்த்தால் 72. இதுதான் குழுக்களுக்கு உள்ளேயான வர்க்கக் கூடுதல்.

இதை எதால் வகுப்பது? 15-ஆல் அல்ல. ஒரு குழுவில் ஐந்து விலகல்களையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். நான்கு தெரிந்துவிட்டால் ஐந்தாவது தானாகவே கட்டுப்பட்டுவிடுகிறது. குழுவுக்கு நான்குதான் சுதந்திரமானவை. மூன்று குழுவுக்கு 12. இதற்குக் கட்டின்மை கூறுகள் என்று பெயர். 72 ÷ 12 = 6. முறை ஒன்றாகவே இருந்தாலும் மாணவருக்கு மாணவர் வரும் மாறுபாட்டின் மதிப்பீடு இந்த 6. மேலே வரும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் இதுவே. மூன்று குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து 6 என்று சொல்ல நமக்கு உரிமை இருப்பது, மூன்றிலும் ஆட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால்தான். 26, 26, 20 என்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒன்றில் 5-உம் இன்னொன்றில் 100-உம் வந்திருந்தால் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இனி குழுக்களுக்கு இடையில். பொதுச் சராசரி 15-இலிருந்து மூன்று சராசரிகளும் விலகியிருப்பது −3, 0, 3. வர்க்கங்கள் 9, 0, 9, கூட்டினால் 18. ஒவ்வொரு சராசரிக்குப் பின்னாலும் ஐந்து பேர் இருப்பதால் ஐந்தால் பெருக்க, 90. மூன்று விலகல்களில் இரண்டுதான் சுதந்திரமானவை; 90 ÷ 2 = 45.

இந்த ஐந்தால் பெருக்கும் படியைப் பலர் மனப்பாடமாகவே செய்கிறார்கள். காரணம் எளிது. ஐந்து பேரின் சராசரி, ஒருவரின் மதிப்பெண்ணைப் போல அத்தனை ஆடாது. அதன் மாறுபாடு ஐந்தில் ஒரு பங்குதான். எனவே சராசரிகளின் மாறுபாட்டை ஐந்தால் பெருக்கினால் தனி மாணவரின் மாறுபாட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறோம். கற்பித்தல் முறைக்கு எந்த விளைவும் இல்லையென்றால், இந்த வழியாக வந்த எண்ணும் முன்பு கிடைத்த 6-க்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளை இரு வேறு வழியில் அளந்தவை. நமக்கு வந்திருப்பதோ 45.

வகுப்பதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. 15 மதிப்பெண்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3537. மொத்தம் 225-இன் வர்க்கத்தை 15-ஆல் வகுத்தால் 3375; இதைத் திருத்தக் காரணி என்பார்கள். கழித்தால் 162. உள்ளே 72, இடையில் 90. கூட்டினால் அதே 162. இது பொருந்தாவிட்டால் எங்கோ கூட்டலில் கை தவறியிருக்கிறது. பொதுச் சராசரி 15.67 போல வரும்போது அதை 15.7 என்று சுருக்கிக்கொண்டு விலகல் எடுப்பவர்களுக்கு இந்த இடத்தில் பெரும்பாலும் பொருந்தாது. அப்போது சராசரியைத் தொடாமல் கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்துப் போடுவதே பத்திரம். வர்க்கக் கூடுதல் எங்காவது குறை எண்ணாக வந்தால் யோசிக்கவே வேண்டாம், கணக்கு தப்பு.

இப்போது விகிதம்.

F = 45 / 6 = 7.5

'எஃப்' என்ற எழுத்தை ஃபிஷர் வைக்கவில்லை. அவர் இந்த விகிதத்தின் மடக்கையில் பாதியை எடுத்து அட்டவணை போட்டிருந்தார். அமெரிக்காவின் அயோவாவில் இருந்த ஜார்ஜ் ஸ்னெடிகர் 1934-இல் நேரடி விகிதத்துக்கே அட்டவணை கொடுத்து, ஃபிஷரின் பெயரின் முதல் எழுத்தை அதற்குச் சூட்டினார். கையால் கணக்குப் போடுகிறவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

5% அட்டவணையில் மேல் வரிசையில் 2, பக்கவாட்டில் 12 பார்த்தால் 3.89. மேலும் கீழும் மாற்றிப் பார்த்துவிட்டால் 19.41 கிடைக்கும், 7.5 அதைவிடச் சிறியது என்று முடிவே தலைகீழாகிவிடும். இடையே உள்ள கூறு எப்போதும் முதலில் வரும்.

மூன்று குழுக்கள் என்றால் அட்டவணை இல்லாமலேயே சமாளிக்கலாம். மேலே உள்ள கூறு 2 ஆக இருக்கும்போது மட்டும் நிகழ்தகவுக்கு எளிய சூத்திரம் உண்டு:

p = (1 + 2F/12)^(−6)

12 என்பது கீழ்க் கூறு, 6 அதில் பாதி. நம் கணக்கில் அடைப்புக்குள் 2.25. அதை ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 130. அதாவது முறைகளுக்குள் எந்த வித்தியாசமும் இல்லாத உலகில், இவ்வளவு பெரிய விகிதம் வெறும் குலுக்கலால் வர 130-இல் ஒரு வாய்ப்புதான்.

இதே சராசரிகள், ஆனால் குழுக்களுக்குள் ஆட்டம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் கூடுதல் 72-க்குப் பதில் 216. அப்போது வகுக்கும் எண் 18, விகிதம் 2.5, வாய்ப்பு எட்டில் ஒன்று. சராசரிகள் அப்படியே 12, 15, 18 தான், ஆனால் எதையும் அறிவிக்க முடியாது. சராசரிகளை மட்டும் அச்சிட்டு 'எங்கள் முறையே சிறந்தது' என்று சொல்லும் அறிக்கைகளில் இல்லாமல் போவது இந்த வகுக்கும் எண்தான்.

நம் தரவில் 7.5 என்பது 3.89-ஐத் தாண்டுகிறது, 1% மட்டத்துக்கான 6.93-ஐயும் தாண்டுகிறது. ஆகவே மூன்று முறைகளும் சமம் என்ற இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம்.

நிராகரித்தோமே தவிர, எது எதைவிட மேல் என்று எஃப் சொல்லவில்லை. மூன்றும் ஒன்றல்ல என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த படிக்கு ஜான் டூக்கியின் வழியை எடுத்துக்கொள்ளலாம். மூன்று குழு, 12 கூறு என்பதற்கு அவருடைய அட்டவணை தரும் எண் 3.77. அதை 6 ÷ 5-இன் வர்க்கமூலமான 1.095-ஆல் பெருக்கினால் 4.13. இரண்டு சராசரிகளுக்கு இடையே இதைவிட அதிக இடைவெளி இருந்தால்தான் வித்தியாசம் என்று சொல்லலாம். செயல்வழிக்கும் கரும்பலகைக்கும் இடையே 6, தாண்டிவிட்டது. கரும்பலகைக்கும் குழுமுறைக்கும் இடையே 3, குழுமுறைக்கும் செயல்வழிக்கும் இடையே 3, இரண்டுமே தாண்டவில்லை.

எனவே நாம் எழுதக்கூடிய முடிவு இவ்வளவுதான்: இந்தப் பாடத்தில், இந்த ஆசிரியரிடம், செயல்வழியாகக் கற்றவர்கள் கரும்பலகை வழியாகக் கற்றவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றார்கள், குழுமுறையைப் பற்றி இரு பக்கமும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதையும் தீர்க்க வேண்டுமென்றால் குழுவுக்குப் பத்துப் பேராவது வேண்டும். ஆட்டம் இதே 6-ஆக இருந்தால் அப்போது தாண்ட வேண்டிய இடைவெளி சுமார் 2.7 ஆகக் குறையும்; மூன்று மதிப்பெண் வித்தியாசம் அதைத் தாண்டிவிடும்.