ஆய்வேட்டுப் பக்கங்கள் 7: பூஜ்ஜியத்துக்கும் சான்று வேண்டும்

சென்ற வாரம் நுண்ணோக்கியின் ஒளியைச் சரிசெய்தோம். இந்த வாரம் அதன் கீழே ஓர் இலையின் அச்சை வைப்போம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஆய்வறிக்கையைக் காட்டினாள். மா இலைக்கும் தட்டைப்பயறு இலைக்கும் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டிலும் இலைத்துளைகளை எண்ணியிருந்தாள். மா இலையின் மேற்புறத்துக்கு நேரே '0' என்றிருந்தது.

"இங்கே துளையே இல்லையாம்மா?"

"இல்லை சார். அஞ்சு இடத்தில் பார்த்தேன்."

"சுற்றியிருந்த செல்களின் எல்லை தெரிந்ததா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்லை. வெறும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது."

அப்படியானால் அந்த 0 இலையைப் பற்றிச் சொல்லவில்லை, அச்சு படியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. நிறமற்ற நெயில் பாலிஷை இலையில் மெல்லப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் செல்லோ டேப்பை அழுத்தி உரித்து, ஸ்லைடில் ஒட்டுகிறோம். நமக்குக் கிடைப்பது புறத்தோலின் வார்ப்பு. துளை இருந்தால் அதன் இரு காப்புச் செல்களும் உதடுகள்போலத் தெரியும். துளை இல்லாவிட்டாலும் மற்றச் செல்களின் கோடுகள் தெரிந்தாக வேண்டும். அவையும் இல்லையென்றால் பாலிஷ் இலையிலேயே தங்கியிருக்கும், அல்லது இலைமேல் தூசி இருந்திருக்கும். பூச்சு தடித்தாலும் கெடுதிதான். உள்ளே சிக்கும் காற்றுக்குமிழ்களைத் துளையென்று எண்ணிவிடுவார்கள். குமிழ் முழு வட்டமாக, கருத்த விளிம்போடு, ஒன்றுக்கொன்று அளவு மாறி நிற்கும்.

அவள் இலையை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி எடுத்தாள். இப்போது செல்களின் எல்லைகள் நெருக்கமாகத் தெரிந்தன. துளை ஒன்றுகூட இல்லை. மா இலைக்குத் துளைகள் கீழ்ப்புறத்தில்தான். எண் பழைய எண்ணேதான், ஆனால் இப்போது அதை நம்பலாம்.

தட்டைப்பயறு இலையில் இரு பக்கமும் துளைகள் உண்டு. அங்கே எண்ணிக்கையை அடர்த்தியாக மாற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 40x லென்ஸில் தெரியும் வட்டத்தை அளவுகோலால் நேரே அளக்க முடியாது. 10x லென்ஸின் கீழ் ஒளி ஊடுருவும் அளவுகோலை வைத்துப் பார்த்தாள், வட்டத்தின் விட்டம் 1.8 மி.மீ. 40x லென்ஸில் அது நான்கில் ஒரு பங்காகி 0.45 மி.மீ. ஆரம் 0.225. பரப்பு 3.14 × 0.225 × 0.225, அதாவது சுமார் 0.159 சதுர மி.மீ. அவளுடைய முதல் கணக்கில் ஆரத்துக்குப் பதில் விட்டத்தையே வர்க்கப்படுத்தியிருந்தாள். பரப்பு நான்கு மடங்கு பெருகி, அடர்த்தி கால் பங்காகச் சுருங்கியிருந்தது. இரு பக்கத்துக்கும் ஒரே பிழை என்பதால் மேல், கீழ் விகிதம் மாறவில்லை. அதனால்தான் அது கண்ணில் படவில்லை.

கீழ்ப்புறத்தில் ஐந்து வட்டங்களில் அவள் எண்ணியவை 36, 31, 34, 38, 31, சராசரி 34. மேற்புறத்தில் 17, 21, 16, 19, 17; சராசரி 18. 0.159 ஆல் வகுத்தால் கீழே சதுர மி.மீட்டருக்கு சுமார் 214, மேலே 113.

வட்டத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட துளைகளை என்ன செய்வது? இடது அரைவட்டத்தில் தொட்டவற்றைச் சேர்த்து, வலது அரைவட்டத்தில் தொட்டவற்றை விட்டுவிட்டாள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், பத்து வட்டங்களுக்கும் அதே விதி இருக்க வேண்டும். இடத்திலும் அதே கவனம் தேவை. நரம்பின்மேல் துளைகள் அரிது என்பதால், நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியில், இரு பக்கமும் ஒரே இடத்துக்கு நேராக எடுத்தாள். உரித்த டேப்பில் மேல், கீழ் என்று அப்போதே எழுதாவிட்டால் பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

அறிக்கையின் முடிவில், 'கீழ்ப்புறம் இரு மடங்கு நீரை ஆவியாக்குகிறது' என்று எழுதியிருந்தாள். அதை அடிக்கச் சொன்னேன். எத்தனை துளைகள் என்பதை அச்சு காட்டும். அவை எவ்வளவு திறந்திருந்தன, எவ்வளவு நீர் வெளியேறியது என்பதற்குக் கோபால்ட் குளோரைடு தாள் போன்ற வேறு சோதனை வேண்டும். இன்னொரு குறையையும் சேர்த்தாக வேண்டும்: பத்து வட்டங்களும் ஒரே இலையிலிருந்து வந்தவை. இளம் இலை விரியும்போது செல்கள் பெருத்துத் துளைகள் விலகுகின்றன, அதனால் அதே செடியின் கொழுந்தும் முற்றிய இலையும் வேறு எண்ணைத் தரும்.

திருத்திய அறிக்கையில் அவள் எழுதியது: 'தட்டைப்பயறு, முற்றிய ஓர் இலை, நடுப்பகுதி: கீழ்ப்புற அடர்த்தி மேற்புறத்தைப்போல 1.9 மடங்கு. மா, மேற்புறம்: 5 வட்டங்கள், செல் எல்லைகள் தெளிவு, துளை 0.'