4கே மானிட்டர் வாங்கியும் எழுத்து மங்கலா? மேக் செய்யும் 'பெரிதாக்கிச் சுருக்கும்' வேலை!

நண்பர் ஒருவர் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்பவர். மேக்புக்கின் சின்னத் திரையில் நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்க்க முடியாமல், 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை வாங்கினார். இரண்டே நாளில் போன். "எழுத்தெல்லாம் ஒரு மாதிரி சொதசொதன்னு இருக்குப்பா. பக்கத்துல லேப்டாப்ல கத்தி மாதிரி தெரியுது. இதுல 'ண' எது, 'ன' எதுன்னு உத்துப் பாக்க வேண்டியிருக்கு."

கடைக்காரரிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார். "படம் நல்லாத்தானே சார் இருக்கு" என்று பதில். நண்பரும் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தால், அப்பட்டமாகத் தெளிவாக இருக்கிறது! மானிட்டர் பழுதுதான் என்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுக்கப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

உண்மையில் மானிட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டிலேயே விடை இருந்தது. அதன் அளவைப் பார்க்கச் சொன்னேன். 5120 x 2880 என்றார். அவர் வாங்கியதோ 3840 x 2160 புள்ளிகள் கொண்ட 4கே திரை. இல்லாத புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

மேக்குக்குத் தெரிந்தது இரண்டே கணக்கு

விண்டோஸில் 125%, 150% என்று வைத்தால், அதற்கு ஒத்துழைக்கும் செயலிகள் எழுத்தையும் பொத்தான்களையும் அந்த அளவிலேயே நேரடியாக வரைந்துவிடும். மேக் அப்படி இல்லை. ஒன்றுக்கு ஒன்று, அல்லது ஒன்றுக்கு இரண்டு. இந்த இரண்டு மடங்குகளில்தான் அது திரையை வரையும். 2012-ல் ரெட்டினா மேக்புக் ப்ரோ வந்தபோது, பழைய ஒரு புள்ளி இருந்த இடத்தில் அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என நான்கு புள்ளிகள் வைத்த ஏற்பாடு அது. செயலி எழுதுபவர்களுக்கு நிம்மதி. ஒவ்வொரு படத்தையும் இரண்டு அளவில் தயாரித்தால் போதும், பின்னக் கணக்கு வேண்டாம்.

நண்பரின் மானிட்டரை இணைத்ததும் மேக் தானாகத் தேர்ந்தெடுத்தது '1920 x 1080' தோற்றம். இதை அப்படியே இரண்டால் பெருக்கினால் 3840 x 2160. திரையில் இருக்கும் புள்ளிகளும் அதேதான். வரைந்தது வரைந்தபடி ஒட்டிக்கொள்ளும், எழுத்தும் தெளிவாக இருக்கும். ஆனால், 27 அங்குலத்தில் அந்தத் தோற்றத்தில் மெனு, ஐகான் எல்லாம் தடித்தடியாகத் தெரியும். "இவ்ளோ பெரிய மானிட்டர் வாங்கியும் இடமே இல்லையே" என்று நண்பர் அமைப்புகளில் போய் '2560 x 1440' தோற்றத்துக்கு மாற்றிவிட்டார். எல்லோரும் செய்வதுதான். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

2560 x 1440-ஐ மேக் இரண்டால் பெருக்குகிறது. கிடைப்பது 5120 x 2880. அந்த அளவில் முழுத் திரையையும் நினைவகத்தில் வரைந்து முடித்துவிட்டு, பிறகு அதை 3840 x 2160-க்குள் அடங்கும்படி சுருக்கி மானிட்டருக்கு அனுப்புகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்படுவது சுருக்குவதற்கு முன்பு. அதனால்தான் அது தெளிவாக இருந்தது. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை.

ஒரு கோட்டுக்கு என்ன ஆகிறது?

நான்கு புள்ளிகளை மூன்றில் அடைப்பதுதான் இந்தச் சுருக்கல். ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டை எடுத்துக்கொள்வோம். பெரிய படத்தில் அது சரியாக இரண்டு புள்ளி தடிமன். மானிட்டருக்கு வரும்போது ஒன்றரைப் புள்ளி ஆகிவிடுகிறது. திரையில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாதே! அதனால் ஒரு புள்ளி முழுக் கறுப்பு, அடுத்தது சாம்பல் என்று சமாளிக்கிறது. கோடு ஓர் இடம் தள்ளி விழுந்தால், சாம்பல் முதலிலும் கறுப்பு அடுத்தும் வரும். ஒரே மாதிரியான இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், ஒன்றுக்கு வலது ஓரத்திலும் மற்றதற்கு இடது ஓரத்திலும் புகைபடிந்த மாதிரி இருக்கும். எழுத்தின் ஒவ்வொரு நெடுங்கோட்டிலும், ஒவ்வொரு சுழியிலும் இதுவே நடக்கிறது. போட்டோவிலோ வீடியோவிலோ இது கண்ணுக்குத் தெரியாது. அங்கே இவ்வளவு கூரான ஓரங்கள் குறைவு.

"அப்போ லேப்டாப் திரையில ஏன் தெரியல?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்வி. லேப்டாப்பில் 'More Space' வைத்தாலும் இதே வித்தைதான் நடக்கிறது. ஆனால் ரெட்டினா மேக்புக் திரைகளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 220 புள்ளிகளோ அதற்கு மேலோ இருக்கும். 27 அங்குல 4கே-யில் சுமார் 163 தான். புள்ளி பெரிதாக இருப்பதால் சாம்பல் ஓரமும் பெரிதாகத் தெரிகிறது. ஐபோன் 6 பிளஸ்கூட 2208 x 1242-ல் வரைந்து 1920 x 1080 திரையில் சுருக்கிக் காட்டிய போன்தான். அந்த நெருக்கத்தில் பெரும்பாலானோர் கண்டுகொள்ளவே இல்லை.

உங்களுடையது இதுதானா?

டெர்மினலில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
system_profiler SPDisplaysDataType
```

உங்கள் மானிட்டர் பெயருக்குக் கீழே `Resolution` என்ற வரியில் 5120 x 2880 என்றும், `UI Looks like` என்ற வரியில் 2560 x 1440 என்றும் வந்தால், சுருக்கல்தான் நடக்கிறது. டெர்மினல் பக்கம் போகப் பிடிக்காதவர்கள், Command + Shift + 3 அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் அளவை மானிட்டரின் அளவோடு ஒப்பிட்டாலே போதும். இரண்டும் ஒன்றாக இருந்தும் மங்கலாக இருக்கிறது, குறிப்பாகச் சிவப்பு எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிகிறது என்றால், அது வேறு கதை. கேபிளையும் மானிட்டரின் மெனுவையும் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

நண்பர் செய்தது இது. System Settings-ல் Displays போய், 1920 x 1080 தோற்றத்துக்கே திரும்பினார். பிறகு பிரவுசரிலும் வடிவமைப்பு மென்பொருளிலும் மட்டும் பக்கத்தின் அளவை 75, 80 சதவீதமாகக் குறைத்துக்கொண்டார். செயலிக்குள் குறைக்கும்போது எழுத்து அந்த அளவிலேயே புதிதாக வரையப்படுகிறது. வரைந்ததைச் சுருக்கும் வேலை அங்கே இல்லை. மெனு பட்டை மட்டும் தடியாகத்தான் இருக்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 5120 x 2880 என்பது ஏறத்தாழ 1.47 கோடி புள்ளிகள், 4கே-யில் 83 லட்சம். பழைய மேக்குகளில் இந்தக் கூடுதல் சுமை ஜன்னல்களை நகர்த்தும்போது திக்கித் திணற வைக்கும்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். எல்லா அளவுகளையும் பட்டியலாகக் காட்டச் சொன்னால், `low resolution` என்ற குறிப்போடு ஒரு 2560 x 1440 வரும். அது குறைந்த புள்ளிகளில் வரைந்து மானிட்டர் அளவுக்கு இழுத்துவிடுகிற வழி. இருந்ததைவிட மோசமாகிவிடும்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், அங்குலத்தையும் புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். 24 அங்குல 4கே திரையில் 1920 x 1080 தோற்றமே இயல்பான அளவாக இருக்கும், சுருக்கலும் வராது. 27 அங்குலம்தான் வேண்டும், நாள் முழுக்க எழுத்தோடுதான் வேலை என்றால் 5கே பொருத்தம். 2560 x 1440 அங்கே சரியாக இரண்டு மடங்கு. ஆனால் விலை இடிக்கும். 27 அங்குலத்தில் சாதாரண 1440 புள்ளி மானிட்டர் வாங்கினால் சுருக்கல் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் எழுத்துக்கு அங்கே பாதிப் புள்ளிகள்தான் கிடைக்கும். 2018-ல் வந்த மோஹாவே பதிப்பிலிருந்து, இத்தகைய திரைகளில் எழுத்தை மெருகேற்றிக் காட்டிய பழைய உத்தியையும் ஆப்பிள் கைவிட்டுவிட்டது. என்னைக் கேட்டால், சுருக்கிக் காட்டும் 4கே-யே அதைவிடப் பரவாயில்லை.

நண்பர் மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டியை மறுபடியும் பரணில் போட்டுவிட்டார்.