கடைமடையை அடைக்கும் மாத்திரை

முகம் நிலவு போல வட்டமாகிவிடுகிறது. வயிறு பெருக்க, கையும் காலும் மெலிகின்றன. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. உடலில் கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் 'குஷிங்' நோயின் அடையாளங்கள் இவை. பெரும்பாலும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் முளைக்கும் சிறு கட்டிதான் காரணம். 'இன்னும் சுர, இன்னும் சுர' என்று அது அட்ரினல் சுரப்பிகளை ஓயாமல் ஏவுகிறது. அறுவை செய்து கட்டியை எடுப்பதே முதல் வைத்தியம்.

ஆனால் கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தால் முழுவதும் எடுக்க முடியாது. சிலருக்குக் கட்டி எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. சிலருடைய உடல்நிலை மயக்க மருந்தைத் தாங்காது. கதிர்வீச்சு கொடுத்தாலும் பலன் தெரிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கார்டிசாலைக் கட்டிப்போட உதவுபவைதான் மெட்டிரபோன், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகள். இவை கட்டியைக் கரைப்பதில்லை, அட்ரினலுக்குள் நடக்கும் உற்பத்தியை மட்டுமே தடுக்கின்றன. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

கொலஸ்ட்ராலில் தொடங்கிப் படிப்படியாக மாறித்தான் கார்டிசால் உருவாகிறது. இதை ஒரு வாய்க்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். மெட்டிரபோன் கடைமடையை, அதாவது கடைசிப் படியை அடைக்கிறது. சில மணி நேரத்திலேயே கார்டிசால் இறங்கத் தொடங்கும். ஆனால் அடைபட்ட நீர் பின்னால் தேங்கி, பக்கத்து வயல்களில் பாய்கிறது. தேங்கிய பொருள்களில் ஒரு பகுதி ஆண்தன்மை ஹார்மோன்களாக மாறுவதால் பெண்களுக்கு முகத்தில் முடி வளர்கிறது, பருக்கள் வருகின்றன. இன்னொரு பகுதி உப்பை உடலில் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுவதால் கால் வீங்கலாம், ரத்த அழுத்தம் ஏறலாம்.

கீட்டோகோனசோல் பூஞ்சைத் தொற்றுக்காக வந்த மருந்து. அதைச் சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு பருத்ததைக் கண்ட பிறகே, அது ஹார்மோன் உற்பத்தியையும் தடுப்பது தெரிந்தது. இது தலைமடை உட்படப் பல இடங்களில் அடைப்பதால் ஆண்தன்மை ஹார்மோன்களும் குறைகின்றன. எனவே முகத்தில் முடி வளரும் பெண்ணுக்கு இது பொருந்தும், ஆண்களுக்குச் சங்கடம் தரலாம். இதன் பெரிய ஆபத்து கல்லீரலுக்குத்தான். அதனால்தான் 2013இல் ஐரோப்பாவில் பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் மாத்திரையை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். மறு ஆண்டே, குஷிங் நோய்க்கு மட்டும் கண்காணிப்போடு அனுமதித்தார்கள்.

நடைமுறை விளங்க ஒரு கற்பனை நோயாளியைப் பார்ப்போம். 44 வயதுப் பெண். அறுவைக்குப் பிறகும் கட்டியின் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. மெட்டிரபோன் 250 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, உணவோடு தொடங்குகிறார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு வேளையும் 500 ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் 16 என்று வருகிறது. இன்னும் கூட்ட வேண்டும் என்றே தோன்றும். ஆனால் அந்தப் பெண், "சாப்பாடே இறங்கலை டாக்டர், எழுந்து நின்னா தலை சுத்துது" என்கிறார். இவை கார்டிசால் போதாமையின் அறிகுறிகள்.

அப்படியானால் 16 எப்படி வந்தது? கடைமடைக்குப் பின்னால் தேங்கிய பொருள் கார்டிசாலைப் போலவே இருக்கும். வழக்கமான பரிசோதனை அதையும் கார்டிசாலாகவே எண்ணிவிடும். இரண்டையும் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்த்தால் உண்மையான அளவு 3 மட்டுமே. இப்போது மருந்தைக் கூட்டியிருந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அளவைக் குறைக்கிறார்.

சில மாதங்களில் முகத்தில் முடி வளர்கிறது, பொட்டாசியமும் 3.1க்கு இறங்குகிறது. மெட்டிரபோனை இன்னும் குறைத்து, கீட்டோகோனசோல் 200 மில்லிகிராம் இரண்டு வேளை சேர்க்கிறார்கள். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால், அவர் சாப்பிட்டுவந்த அசிடிட்டி மாத்திரை நிறுத்தப்படுகிறது. முதல் மாதம் வாரந்தோறும் கல்லீரல் பரிசோதனை. அதன் என்சைம்கள் உச்ச வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் கீட்டோகோனசோலை நிறுத்திவிட வேண்டும்.

இந்த மருந்துகளைச் சாப்பிடுபவர் வீட்டில் எல்லாருக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். விடாத வாந்தி, கடும் சோர்வு, தலைசுற்றல், கிறக்கம் இவற்றில் எது வந்தாலும் அது கார்டிசால் வற்றிப்போனதன் அடையாளமாக இருக்கலாம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவைப்படலாம் என்பது அங்கிருப்பவர்களுக்கு அப்போதுதான் புரியும்.