எண்ணெய் தீர்வது யாரால்?

வேகமாக விற்கும் சரக்கைப் பற்றிக் கடைக்காரருக்கு இரண்டு கேள்விகள் உண்டு. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது? கடையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்போது ஆர்டர் கொடுப்பது? முதல் கேள்விக்கு 1913-லேயே அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் ஒரு சூத்திரம் தந்துவிட்டார்.

ஒரு மளிகைக்கடையில் சூரியகாந்தி எண்ணெய் நாளுக்குச் சராசரியாக 40 பாக்கெட் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை திறந்திருக்கும் 360 நாளுக்கு 14,400. ஒவ்வொரு ஆர்டருக்கும் வண்டி வாடகை, இறக்குகூலி என 200 ரூபாய் ஆகிறது. ஒரு பாக்கெட்டை ஒரு வருடம் வைத்திருந்தால் வட்டி, இட வாடகை, ஒழுகல் சேர்த்து 25 ரூபாய்.

```
√(2 × 14400 × 200 ÷ 25) = 480
```

480 வாங்கினால் வருடத்துக்கு 30 ஆர்டர். அதற்கு 6,000 ரூபாய். சராசரி இருப்பு 240 பாக்கெட். அதை வைத்திருக்கவும் 6,000. இதில் துல்லியத்துக்காக மெனக்கெட வேண்டாம். 600 வாங்கினாலும் மொத்தச் செலவு 12,300-தான். வெறும் 300 ரூபாய் கூடுதல்.

கவனம் தேவைப்படுவது இரண்டாவது கேள்விக்குத்தான். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வரச் சராசரியாக 4 நாள். அதுவரை விற்க 160 பாக்கெட் வேண்டும். ஆனால் தினசரி விற்பனை 10 பாக்கெட் அளவுக்கும், லாரி வரும் நாள் ஒரு நாள் அளவுக்கும் ஏறி இறங்குகின்றன. இவை இரண்டும் திட்ட விலக்கம். எக்செலில் `STDEV` போட்டால் கிடைக்கும். நூற்றுக்கு 95 ஆர்டர்களில் சரக்கு தீராமல் இருக்க வேண்டுமானால் 1.65-ஆல் பெருக்க வேண்டும்.

```
1.65 × √(4 × 10² + 40² × 1²) ≈ 74
```

இந்த 74-தான் பாதுகாப்பு இருப்பு. ஆகவே 160-ஐயும் 74-ஐயும் கூட்டி, இருப்பு 234-க்கு இறங்கியதும் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

வர்க்கமூலத்துக்குள் இருப்பதைப் பாருங்கள். வாடிக்கையாளரின் ஏற்ற இறக்கத்தால் வருவது 400; லாரியின் தாமதத்தால் வருவது 1,600. சரக்கு வேகமாக ஓடஓட இரண்டாவது எண் வர்க்கத்தில் பெருகும். சப்ளையர் சரியாக நான்காம் நாளே தந்துவிட்டால் பாதுகாப்பு இருப்பு 33-ஆகக் குறையும். அவர் எப்போதும் தாமதித்தால்கூடச் சமாளிக்கலாம். சொன்ன நாளில் வராததுதான் பணத்தை முடக்குகிறது. பல கடைகளில் விற்பனைக் கணக்கு உண்டு, ஆர்டர் கொடுத்த தேதியும் சரக்கு வந்த தேதியும் இல்லை. பெரிய குறை அதுதான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. சரக்கே இல்லாத நாளின் விற்பனையைப் பூஜ்யமாக எழுதிச் சராசரி எடுக்கிறார்கள். அந்த நாட்களை நீக்கிவிட வேண்டும். தீபாவளி வாரத்துக்குத் தனிக் கணக்கு போட வேண்டும்.

கணக்கு சரிதானா என்று அறிய, புதுச் சரக்கு இறங்கும் வேளையில் பழையது எவ்வளவு மிச்சம் என்று எழுதி வாருங்கள். பல ஆர்டர்களின் சராசரி 74-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எப்போதும் 150 கிடந்தால் பாதுகாப்பு இருப்பைக் குறைக்கலாம். அடிக்கடி அலமாரி காலியானால் முதலில் லாரி வந்த தேதிகளைப் பாருங்கள்.