ஐந்து காடை முட்டையும் ஒரு கோழி முட்டையும்

தம்பலகாமத்தில் பல வளவுகளில் கோழிக்கூடு உண்டு. "கோழிக்குப் பதிலாகக் காடையோ தாராவோ முயலோ வளர்த்தால் கூடுதல் காசு வருமா?" என்று உங்களில் ஒருவருக்குத் தோன்றினால், அது அருமையான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

காடை வெகு விரைவாக வளரும். முட்டை 17 அல்லது 18 நாளில் பொரித்துவிடும். கோழி முட்டைக்கு 21 நாள் வேண்டும். பெட்டைக் காடை ஆறு, ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கும். ஊர்க்கோழிக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

அப்படியானால் காடைதான் வெற்றியா? கொஞ்சம் பொறுங்கள்.

காடை முட்டை சுமார் 10 கிராம்தான். ஐந்து சேர்ந்தால் ஒரு சிறிய கோழி முட்டை. ஒரு காடை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் தீன் தின்னும். ஐந்து காடைக்கு? ஆம், 125 கிராம்! பண்ணைக் கோழிக்குச் சுமார் 110 கிராம் போதும். ஊர்க்கோழியோ வளவைக் கிளறிக் கறையானும் புழுவும் தேடிக்கொள்ளும். கூட்டுக்குள் இருக்கும் காடைக்கு எல்லாத் தீனையும் நாம்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, ஐந்து காடை முட்டைக்கு ஒரு கோழி முட்டையை விட நல்ல விலை கிடைத்தால்தான் இலாபம். புரிகிறதா? உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் அந்த விலையைத் தரலாம். ஆனால் சுற்றுலாப் பயணிகள் குறையும் மாதங்களிலும் காடைகள் தின்றுகொண்டேதான் இருக்கும். அதனால் வாங்குபவரிடம் முதலில் பேசிவிட வேண்டும். இன்னொன்று, வளர்ப்புக் காடை பொதுவாக அடைகாக்காது. குஞ்சு வேண்டுமானால் அடைகாக்கும் கருவியோ சின்னக் கோழியோ தேவை.

முயல் புல் தின்னும், 31 நாளில் குட்டி போடும். ஆனால் திருகோணமலை வெயில் அதற்கு எதிரி. வேகமாக மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோக வேண்டும். இறைச்சியை வாங்க ஆள் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

என் மனம் தாரா பக்கம்தான் சாய்கிறது. காரணம், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நம் வயல்கள்! அறுவடைக்குப் பிறகு சிந்திய நெல்லும் நத்தையும் அங்கே கிடக்கும். வயற்காரரிடம் கேட்டு நாலைந்து தாராக்களை மேயவிட்டால் தீன் செலவு குறையும். நீந்தக் குளம் கட்டாயமில்லை. தலையை முக்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும்.

இரண்டு ஆபத்துகளைக் கவனியுங்கள். மருந்தடித்த வயலில் விடக்கூடாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், தாராக்குஞ்சு தாங்காது. புண்ணாக்கை முகர்ந்து பாருங்கள்; புழுங்கிய வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள். ஆனால் வாடை இல்லாமலும் நஞ்சு இருக்கலாம், அதனால் புதிதாக, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே நல்லது.

தாரா முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகும். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியை ஒட்டி வரும். சிந்திய நெல் கிடைக்கும்போதே தாரா முட்டையிடத் தொடங்க வேண்டுமென்றால் குஞ்சு எப்போது வாங்கலாம்? விரல் விட்டு எண்ணுங்கள்: புரட்டாசி!