எந்தக் கேள்விக்குக் கட்டம், எந்தக் கேள்விக்குக் கோடு?

உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வருபவர்களிடம் சின்னதாக ஒரு கருத்தாய்வு நடத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள், எது மாறினால் இன்னும் அதிகம் வருவார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். கேள்வித்தாளை எழுத உட்கார்ந்ததும் ஒரு குழப்பம் வரும். டிக் அடிக்கக் கட்டங்கள் போடுவதா, எழுதுவதற்குக் கோடு விடுவதா?

கட்டங்கள் மட்டும் இருந்தால் அது மூடிய கேள்வி. கோடு மட்டும் இருந்தால் திறந்த கேள்வி. கட்டங்களை வரிசையாகப் போட்டு, கடைசியில் ‘வேறு காரணம் இருந்தால் எழுதவும்’ என்று ஒரு கோடும் விட்டால் கலப்புக் கேள்வி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: வரக்கூடிய பதில்கள் நமக்கு முன்பே தெரியுமா?

எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள் என்பதற்கு எல்லாப் பதில்களும் தெரியும். அதனால் மூடிய கேள்வியே போதும். ஆனால் ‘அடிக்கடி’, ‘எப்போதாவது’ என்று கட்டம் போடக் கூடாது. தினமும் பேப்பர் படிக்க வருபவருக்கு வாரம் ஒருமுறை என்பது ‘எப்போதாவது’. கல்லூரி மாணவருக்கு அதுவே ‘அடிக்கடி’. ‘கடந்த 30 நாட்களில், இன்றையும் சேர்த்து, எத்தனை முறை வந்தீர்கள்?’ என்று கேட்டு 1, 2–4, 5–10, 10-க்கு மேல் என்று பிரித்துவிடலாம். 1–5, 5–10 என்று போட்டால், ஐந்து முறை வந்தவர் எதில் டிக் அடிப்பார்? எந்தப் பதிலும் இரண்டு கட்டங்களில் விழக் கூடாது, எந்தப் பதிலும் கட்டம் இல்லாமல் நிற்கவும் கூடாது.

எதற்காக வருகிறார்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாளிதழ், கதைப் புத்தகம், போட்டித்தேர்வுக்குப் படிப்பது என்று மூன்று கட்டங்களை நாமே போட்டுவிடுகிறோம். வீட்டில் அமைதியாக உட்கார இடமில்லாமல் வருபவர், இருப்பதில் நெருக்கமான ஒன்றில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். உண்மைக் காரணம் நம் தாளுக்கு வராமலேயே போய்விடும்.

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு பியூ ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. வாக்களிக்கும்போது எந்தப் பிரச்சினையை முக்கியமாக நினைத்தீர்கள் என்று ஒரு பகுதியினரிடம் ஐந்து விடைகளைச் சொல்லிக் கேட்டார்கள். 58 சதவீதம் பேர் பொருளாதாரம் என்றார்கள். விடை எதுவும் சொல்லாமல் கேட்டபோது பொருளாதாரத்தைச் சொன்னவர்கள் 35 சதவீதம்தான். அந்த ஐந்தில் இல்லாத விடையைச் சொன்னவர்களோ முதல் முறையில் 8 சதவீதம், இரண்டாவதில் 43 சதவீதம். பட்டியலுக்கு வெளியே விடை சொல்லலாம் என்றாலும் பெரும்பாலோர் பட்டியலுக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள்.

எனவே ‘மற்றவை’ என்று ஒரு கோடு விட்டாலே எல்லாம் வந்துவிடும் என்று நம்ப முடியாது. பட்டியலே சரியாக இருக்க வேண்டும். அதற்கு வழி எளிது. கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன் நூலக வாசலில் பத்துப் பதினைந்து பேரிடம் ‘இன்று எதற்காக வந்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும் காரணங்களைக் கட்டங்களாக்குங்கள். காலையில் வருபவர்களையும் மாலையில் வருபவர்களையும் கேட்பது அவசியம். இரண்டும் வேறு கூட்டம். ஆய்வு தொடங்கிய பிறகும் பத்தில் இரண்டு, மூன்று பேர் ‘மற்றவை’யில் எழுதினால், பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

எது மாற வேண்டும் என்பது திறந்த கேள்விக்கு உரியது. என்ன வரும் என்று நமக்கே தெரியாது. ஆனால் ‘நூலகத்தைப் பற்றி உங்கள் கருத்து?’ என்று கேட்டால் ‘நன்று’ என்றுதான் வரும். ‘எந்த ஒன்றை மாற்றினால் இன்னும் அடிக்கடி வருவீர்கள்?’ என்று கேட்டால் மூடும் நேரம், கழிப்பறை, மின்விசிறி என்று குறிப்பாக எழுதுவார்கள்.

இதற்கு உழைப்பு அதிகம். நூறு பேர் எழுதினால் நூறையும் படித்து, முதல் முப்பது பதில்களிலிருந்து ‘நேரம்’, ‘வசதி’, ‘புத்தகம்’ போன்ற தலைப்புகளை உருவாக்கி, மீதியை அவற்றில் பிரிக்க வேண்டும். ஒருவர் பிரித்ததை இன்னொருவர் பார்க்காமல் தனியாகப் பிரித்து ஒப்பிட்டால், எங்கே தலைப்பு தெளிவில்லை என்பது தெரிந்துவிடும். எழுதத் தயங்குபவர்கள் கோட்டை வெறுமையாக விடுவார்கள் என்பதால், அவர்கள் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்வது நல்லது.

முதல் கருத்தாய்வுக்கு ஒரு பக்கம் போதும். மூடிய கேள்விகள் முதலில், கலப்பு நடுவில், திறந்த கேள்வி ஒன்றே ஒன்று கடைசியில் இருக்கட்டும். விடைகள் தெரியாத கேள்விக்குக் கட்டம் போடாதீர்கள். போட்டால் உங்கள் ஊகம்தான் ஊரார் கருத்தாகத் திரும்பி வரும்.